ஒரு ஏக்கருக்கு இருபத்திரண்டாயிரத்துத் தொண்ணூறு

இரும்புக்கடையின் பின்னறையில் மின்விசிறி லொடலொடவென்று சுற்றியது. மேசைக்கு அந்தப் பக்கம் நிலத்துக்குச் சொந்தக்காரரான கடைக்காரர். அவர் பக்கத்தில், வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டரான மருமகன், மடியில் கணினியோடு. இந்தப் பக்கம், அந்த ஒரு ஏக்கரை ஒன்பது வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறவள். உட்காரச் சொன்னார்கள். அவள் நின்றாள்.

விஷயம் இதுதான். இதுவரை போகத்துக்கு எட்டு மூட்டை நெல் குத்தகை. இனி பதின்மூன்று. முடியாது என்றால் நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடும் முன்பே வயலை விட்டுவிட வேண்டும்.

மருமகன் கணினியைத் திருப்பிக் காட்டினான். விதை, உழவு, வரப்பு, நடவு, களை, உரம், மருந்து, அறுவடை. மொத்தம் இருபத்திரண்டாயிரத்துத் தொண்ணூறு. விளைச்சல் முப்பத்தெட்டு மூட்டை, மூட்டை ஆயிரத்து முந்நூறு. பதின்மூன்று மூட்டை போனாலும் அவளுக்குப் பத்தாயிரம் மிஞ்சும் என்று, கட்டி முடித்த வீட்டின் சாவியைக் கொடுப்பவன் போலச் சொன்னான்.

அவள் திரைக்கு அருகே குனிந்தாள். விதை முப்பது கிலோ, சரி. டிராக்டர் நாலு மணி நேரம், சரி. உரம் நாலு மூட்டை, அதுவும் சரி. பையன் வேலை தெரியாதவன் இல்லை. அதுதான் ஆபத்து.

“களைக்கு ஆறு ஆளு போட்டிருக்கீங்களே தம்பி, அவங்க எத்தனை மணி வரைக்கும் வேலை செய்வாங்க?”

“ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும்.”

“அது உங்க சித்தாளு. களைக்கு வர்றவங்க எட்டு மணிக்கு இறங்கி ஒரு மணிக்குக் கரையேறிடுவாங்க. முந்நூத்தம்பது ரூபாய் அரை நாளுக்கு. ஆறு ஆளு வேலைன்னா பன்னெண்டு கூலி. அப்புறம் இன்னொரு களை இருக்கு. அதுக்கு ஆறு கூலி.”

கடைக்காரர் லேசாகச் சிரித்து, மருமகனைப் பார்த்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அவள் விடவில்லை. தண்ணீருக்கு ஏன் சைபர் என்று கேட்டாள். வாய்க்கால் தண்ணீர் இலவசம்தானே என்றான் மருமகன். போன போகம் கதிர் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வறண்டு, டீசல் எஞ்சினால் பன்னிரண்டு தடவை இறைத்ததையும், தடவைக்கு நாலு லிட்டர் குடித்ததையும் அவள் சொன்னாள். அறுவடை இயந்திரத்துக்கு அவன் போட்டிருந்தது டயர் வண்டி, ஒரு மணி நேரம். அந்தப் பள்ளத்து வயலில் டயர் வண்டி இறங்கினால் அதை மீட்க இன்னொரு வண்டி வேண்டும்; சேற்றில் புதையாமல் சங்கிலிப் பட்டையில் ஓடும் செயின் வண்டிதான் போகும், ஒன்றரை மணி நேரம் ஆகும், வாடகையும் அதிகம். மூட்டையை ஏற்றி இறக்கும் கூலி பட்டியலிலேயே இல்லை.

மருமகன் தட்டிக்கொண்டே போனான். கணினி முப்பத்துநாலாயிரத்து அறுநூற்றிருபது என்றது. பதின்மூன்று மூட்டை கொடுத்தால் அவள் கையிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் போட வேண்டும்.

“இதெல்லாம் நீங்க சொல்ற கணக்கு,” என்றான் அவன். “சிக்கனமா செஞ்சா என் கணக்குக்குள்ளேயே முடிக்கலாம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் கட்ட, உரம் வீச, எலி பார்க்க என்று அவள் நடந்த நடைக்கு இரண்டு கணக்கிலும் ஒரு பைசா இல்லை. குரலை உயர்த்தாமல் கடைக்காரரைப் பார்த்தாள்.

“ஐயா, குத்தகை வேண்டாம். இந்தப் போகம் நீங்களே பயிர் வைங்க. நான் முன்ன நின்னு பார்த்துத் தரேன். எனக்குக் கூலி வேண்டாம், வைக்கோல்கூட வேண்டாம். முப்பத்தெட்டு மூட்டையும் உங்களுக்குத்தான். தம்பி போட்ட இருபத்திரண்டாயிரத்துத் தொண்ணூறுக்கு மேல ஆகுற ஒவ்வொரு ரூபாயும் தம்பி தரணும். அதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

கடைக்காரர் பேனாவை மருமகன் பக்கம் தள்ளினார். “போடுங்க மாப்பிள்ளை. உங்க கணக்குதானே.”

மருமகன் பேனாவைத் தொடவில்லை. மேற்கொண்டு ஆகும் செலவு யார் தலையில் என்று ஒரு வரி எழுதாமல் அவன் எந்த வீட்டுக்கும் கடைக்கால் தோண்டியதில்லை. அந்த வரி எப்படிக் கடிக்கும் என்று இந்த அறையில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. செயின் வண்டி வாடகையை இன்னொரு இடத்தில் விசாரிக்க வேண்டும் என்றான். மழையைப் பொறுத்தது என்றான். பிறகு கணினியை மூடினான்.

“அப்போ பழைய எட்டு மூட்டையே இருக்கட்டும்மா,” என்றார் கடைக்காரர், பெரிய மனசு பண்ணுகிற குரலில்.

“இருக்கட்டும்னு வாயால சொன்னா அடுத்த போகத்துக்கு இன்னொரு கணக்கு வரும். மூணு வருஷத்துக்கு எட்டுன்னு எழுதுங்க. வாய்க்கால் வறண்டு எஞ்சின் வைக்கிற போகத்துக்கு ஏழு.”

“ஏழா?”

“டீசல் ரசீதோட வரேன். நம்பலைன்னா தம்பியை வயலுக்கு அனுப்புங்க. எஞ்சின் பக்கத்துல நிழல் இருக்கு, உட்கார்ந்து எண்ணலாம்.”

கடைக்காரர் ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஏழு என்பது எண்ணில் மட்டும் இருந்தது. எழுத்திலும் எழுதச் சொல்லித் தாளைத் திருப்பித் தந்தாள்.