மேடத்தின் விடுப்பு

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதன்முறையாக என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். மேடத்தைக் கறந்தேன்.

மேடம் எங்கள் கொட்டகையின் மூத்த பசு. நடையும் பார்வையும் அப்படி. தீவனத் தொட்டியில் தண்ணீர் ஒட்டியிருந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்றைக்குக் காலையில்தான் அதன் பாலை வற்றச் செய்தாள் மனைவி. கடைசிச் சொட்டுவரை கறந்து, நாலு காம்பிலும் மருந்துக் குழலை வைத்து அழுத்தி, காம்பை மருந்தில் தோய்த்து, மேடத்தின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

"போ தாயி, ரெண்டு மாசம் லீவு."

கன்று போட இன்னும் அறுபத்திரண்டு நாள். அதுவரை மடி ஓய்ந்து, பழைய பால் சுரப்பிகள் கழிந்து புதிது வளர்ந்தால்தான் அடுத்த ஈற்றில் பால் நிறையும், கன்றுக்குச் சீம்பாலும் கெட்டியாகும். ஓய்வில்லாமல் கறந்தால் அடுத்த முறை கால்வாசிப் பால் போச்சு. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தப்புச் செய்வதில் எனக்குத் தனித் தேர்ச்சி உண்டு.

எங்களிடம் நாலு மாடு. மனைவி சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறாள். எப்போதும் மூன்று கறவையில், ஒன்று ஓய்வில். கன்று போட்ட இரண்டு, மூன்று மாதத்துக்குள் மறுபடி ஊசி போட்டுச் சினையாக்கி, ஏழு மாதச் சினையில் வற்ற வைத்து, ஒன்றின் முறை முடியும்போது அடுத்ததன் முறை தொடங்கும்படி வரிசை. அந்த வரிசையில் ஒரு வேலை மட்டும் என்னுடையது: குட்டச்சி என்ற மாடு சினை ஊசிக்கு ஏற்ற சூட்டுக்கு வருவதைப் பார்த்துச் சொல்வது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை, அதுவும் ஒரு நாள்கூட முழுதாக நிற்காது. நான் கைபேசியில் படம் பார்த்ததில் மூன்று முறை தப்பிப் போனது. பதிவேட்டில் "அறிகுறி இல்லை" என்று மூன்று முறை எழுதினேன். கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

ஆகவே, இப்போது கன்று போட்டுக் கறவையில் இருக்க வேண்டிய குட்டச்சியும், தாமதமாகச் சினையானதால், இன்னும் வற்றிய மடிக்காரி. மிச்சம் வயதில் சின்ன மாடு இரண்டு, நாளுக்கு இருபத்தெட்டு லிட்டர். மருத்துவமனை கேன்டீனுக்கு மனைவி கொடுக்கும் தயிருக்கு நாற்பது வேண்டும். மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் கொடுத்துச் சம்பாதித்த பெயர் அது. கேன்டீன் மேனேஜர் போனில் கேட்டபோது, "குறையவே குறையாது சார்" என்று வாய்ச்சவடால் விட்டவனும் நானே.

மதியம் அவள் ஸ்கூட்டரில் தயிர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு போனாள். நான் வாளியோடு மேடத்திடம் போனேன்.

மருந்து காம்பு நுனியில்தானே இருக்கும், நாலு பீய்ச்சு பீய்ச்சி வெளியே விட்டால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். நாலு பீய்ச்சு தரையில் விட்டேன். பிறகு எட்டு லிட்டர். மேடம் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. கள்ளக் காதலனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

சாயங்காலக் கறவை என் வேலை என்பதால் எட்டு லிட்டரும் பெரிய கேனுக்குள் சத்தமில்லாமல் சேர்ந்தது.

"சின்னவளுங்க ரெண்டும் கூட்டியிருக்காளுங்களே!" என்றாள் மனைவி, அளவு பார்த்து.

"புதுத் தீவனம்மா. நான்தான் கலந்தேன்."

"அடேயப்பா. உங்க கைராசியா?"

காய்ச்சி, ஆற்றி, உறை ஊற்றினாள். காலையில் மூடியைத் திறந்தாள். பால் பாலாகவே இருந்தது. ஆட்டிப் பார்த்தாள், அலையடித்தது.

"உறை செத்துப் போச்சு போல" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. கேன்டீனுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, வேறொரு பண்ணைக்காரியிடம் புது உறை வாங்கி வந்தாள். அவள் போன நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பற்றாக்குறை இன்னும் அங்கேயேதான் இருந்தது. மேடமும் அங்கேயேதான் இருந்தது.

மறுநாளும் தயிர் இல்லை. மேனேஜர் போனிலேயே கத்தினார்.

"மாடு தானேம்மா, பால் குடுக்கும், தயிர் ஆகும். இதுல என்ன கஷ்டம்? இன்னும் ஒரு நாள் பார்ப்பேன், அப்புறம் பாக்கெட் தயிர்தான்."

"உங்கம்மா உங்களைப் பெக்கறதுக்கு முன்னாடியே பால் குடுத்தாங்களா சார்?" என்றாள் இவள். "மாடும் பெத்தாத்தான் குடுக்கும். குழாய் இல்ல, திறந்தா கொட்டறதுக்கு." வைத்துவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது மாமனார் இறந்தபோது மட்டும்.

அன்று மதியம் அவள் அசந்து தூங்கிய நேரத்திலும் வாளி மேடத்திடம் போய் வந்தது. சாயங்காலம் கறவை முடியும் முன்னே அவளே வந்து நின்றாள். சின்னவளுங்க இரண்டின் பாலையும் நேரடியாகத் தனித்தனி டம்ளரில் பிடித்தாள். மூன்றாவது டம்ளரில் கேனிலிருந்து மொண்டாள். மூன்றையும் காய்ச்சி, ஒரே உறையை ஒரே அளவு விட்டாள். நான் கழுவிய வாளியையே மறுபடி கழுவிக்கொண்டு பார்த்தேன்.

காலையில் இரண்டு டம்ளர் கவிழ்த்தாலும் விழாத தயிர். மூன்றாவது தண்ணீர்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக மேடத்திடம் போய் மடியை அமுக்கிப் பார்த்தாள்.

"வத்த வச்சு மூணு நாள்தான் ஆச்சு. மடி கல்லாட்டம் இறுகியிருக்கணும். இது பஞ்சாட்டம் இருக்கு." திரும்பினாள். "எத்தனை தடவை?"

"மூணு… மதியம் மட்டும்தான்."

"மதியம் மட்டும்னா, மடியில கிருமி வராம இருக்க வச்ச மருந்து தூங்கிட்டிருக்குமா? தயிராக்கற கிருமியையும் சேத்துக் கொன்னுடுச்சு, பாத்தீங்களா? அந்தப் பாலை ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்களுக்குக் குடுக்கப் பாத்தீங்களே. தயிரு ஆகாம காப்பாத்துச்சு."

"உன் ஆர்டர் போயிடுமேன்னுதான்…"

"என் ஆர்டர் ஏன் போகணும்? குட்டச்சி இப்ப கறவையில இருந்திருக்கணும். மூணு சூடு. அறுபத்துமூணு நாள். அது சினையான தேதியைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." பெருமூச்சு விட்டாள். "ஒன்பது வருஷமா பாக்கறேன்."

கேனில் இருந்த பாலைக் கன்றுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்றாள். நானே தூக்கிப் போய் எருக்குழியில் கொட்டினேன். பிறகு மேனேஜருக்கு நான்தான் பேச வேண்டும் என்றாள், ஸ்பீக்கரில்.

எல்லாவற்றையும் சொன்னேன். படம் பார்த்தது, பதிவேடு, வாளி. மேனேஜர் கடைசிவரை கேட்டார்.

"யோவ், ரெண்டு மாசத்துக்கு இருபத்தெட்டுன்னு முதல்லயே சொல்லியிருந்தா அதையே வாங்கியிருப்பேனேய்யா. மிச்சத்துக்கு பாக்கெட் போட்டிருப்பேன். இப்பவும் போடறேன். அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு வரணும்."

மேடத்தைக் கடைசியாக ஒருமுறை கறந்து, கறந்ததையும் கொட்டி, புதுக் குழல் நாலையும் நான்தான் வைத்தேன். மூன்றாவது காம்பில் உதை வாங்கினேன். மனைவி சிரிக்கவில்லை, ஆனால் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. இன்னும் ஐம்பத்தொன்பது நாள் இருந்தது, போதும் என்றார் போனில் டாக்டர்.

மறுநாள் மதியம் ஸ்கூட்டர் இருபத்தெட்டு லிட்டரோடு கிளம்பியது. மடி இறுகி, மேடம் என்னைப் பார்த்துக் கத்தியது. கேட்டைத் தாண்டும்போது மனைவி கண்ணாடியில் பார்த்தாள். நான் இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு, அது கத்தி ஓயும்வரை, அசையாமல் நின்றேன்.