நான்கு மூலைக்கு வெளியே

எங்கள் ஓசூர்க்காரர்களுக்கு, கர்நாடகத்தில் இருக்கும் அத்திப்பள்ளி என்பது வேறு மாநிலம் என்ற நினைப்பே கிடையாது. தக்காளி அங்கே இரண்டு ரூபாய் குறைவென்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். கொரோனா வந்த வருஷம்தான் நடுவில் ஒரு கோடு இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. எல்லையில், ஜூஜூவாடியில் தடுப்பு வைத்தார்கள். சந்துபொந்து வழியெல்லாம் மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். பாஸ் இல்லாமல் ஈ, காக்கை போகக்கூடாது என்றார்கள். ஈயும் காக்கையும் போய்க்கொண்டுதான் இருந்தன.

சிப்காட் பக்கம் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் போட்டுக் கொடுப்பேன். அப்போது கடையைப் பூட்டச் சொல்லிவிட்டதால் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் உள்ளே தூங்கின. நான் வீட்டில் இருந்தபடி போனிலேயே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன். பாஸ் பாஸ் என்று தெருவே என் வாசலில்தான் நின்றது. காலை நேரத்தில் வந்தால் கத்துவேன். கத்திக்கொண்டே செய்தும் கொடுப்பேன்.

அன்று விடிந்தும் விடியாமலும் யாரோ கதவைத் தட்டினார்கள். கத்தலாம் என்று திறந்தால் மூன்றாவது வீட்டு சுக்ரா. முக்காடு நழுவியது தெரியாமல் நிற்கிறாள். பின்னால் அவள் வீட்டுக்காரர் சம்சுதீன் கார் சாவியோடு நிற்கிறார். பழைய இரும்பு வியாபாரம் அவருக்கு.

"தங்கமணியக்கா, அத்தா மவுத்தாயிட்டாங்க."

அவள் அத்தா குலாம் முகம்மதுவை எனக்குத் தெரியும். அத்திப்பள்ளியில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். மகளைப் பார்க்க வந்தால் என் கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கதை பேசாமல் போகமாட்டார். இரவு நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்து கிளினிக் டாக்டர் வந்து பார்த்து, இயற்கை மரணம் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"மதியம் ளுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துருவாங்களாம். உனக்காக சாயந்தரம் அஸர் வரைக்கும் வச்சிருக்கேன்னு சாஹில் சொல்றான். அதுக்கு மேல ஜமாத்துல ஒத்துக்க மாட்டாங்க, வெயிலு வேற. ஒரே ஒரு தரம் முகத்த பாத்துட்டா போதுங்க்கா."

அழுவதற்கு நேரமில்லை. நான் பாஸ் தளத்தைத் திறந்தேன். போகிறவர்களின் அடையாள அட்டை, சாவுக்கான சான்று, எல்லாம் ஒரே பி.டி.எஃப். ஆக இருக்க வேண்டும். ஒரு எம்.பி.க்கு மேல் போகக்கூடாது.

சுக்ராவின் தம்பி சாஹிலிடம் என் நம்பருக்கே டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வாட்ஸப்பில் வந்தது. கட்டில் விரிப்பின் மேல் சீட்டை வைத்து, அவசரத்தில் எடுத்திருக்கிறான். சீட்டின் பாதியில் அவன் தலை நிழல். ஸ்கேன் செயலியில் அதை ஏற்றி, நான்கு மூலைப் புள்ளிகளையும் சீட்டின் விளிம்புக்கு இழுத்து, மீதியை வெட்டித் தள்ளினேன். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் ஏற்கெனவே சுருங்கித்தான் வரும். ஆனாலும் டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் கண்ணைச் சுருக்கினால் படிக்கக்கூடியதாக இருந்தன.

"உங்க ரெண்டு பேரு ஆதாரும் குடு. இந்தச் சீட்டு ஒண்ணு. மூணு பக்கம் போதும்."

சுக்ரா ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை மேசை மேல் வைத்தாள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, நிக்காஹ் பத்திரம், மாற்றுச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், மகள் மெஹ்னாஸின் பிறப்புச் சான்று, அத்தாவின் ஆதார் நகல், கேஸ் புத்தகம்கூட இருந்தது.

"எல்லாத்தையும் போட்டுருங்கக்கா."

"எதுக்குடி இவ்ளோ? கேக்கறத குடுத்தா போதாதா?"

"அந்தச் சீட்டுல அத்தா பேருதான இருக்கு? நான் அவரு மகதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பேரு வேற எங்க வீட்டுல ஒவ்வொரு கார்டுலயும் ஒரு மாதிரி இருக்கு. அத்தா எப்பவும் சொல்வாங்க, கேக்கறதுக்கு மேல ஒண்ணு சேத்துக் குடு, அப்பதான் திருப்பி அனுப்ப மாட்டான்னு. இந்தக் கவரே அவரு கல்யாணத்தன்னிக்கு குடுத்ததுதான்."

அவர் சொன்னதிலும் குற்றமில்லை. எல்லைக்காரர்களின் பிழைப்பு அப்படி. இங்கே போனால் அந்த மாநிலத்துச் சான்று கொண்டுவா என்பார்கள், அங்கே போனால் இந்த மாநிலத்தில் வாங்கிவா என்பார்கள். மண்டி லைசென்சுக்கு அலைந்து அலைந்து அவர் செருப்பு தேய்ந்த கதையை நானே எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதைக் கண்ணால் கண்டவர். அந்தப் பயத்தைத்தான் கவரில் போட்டு மகளுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறார்.

ஒவ்வொரு தாளாக எடுத்தேன். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து, மூலை சரி பார்த்து, கலரில். அத்தனையையும் சேர்த்தால் பதினாலு எம்.பி. வந்தது. தளம் உள்ளேயே விடவில்லை. சுருக்கும் செயலியில் போட்டேன். நடுத்தரத்தில் வைத்தால் நான்கு எம்.பி. வந்தது. கடைசி அளவுக்குத் தள்ளினால்தான் ஒன்றுக்குக் கீழே இறங்கியது.

திறந்து பார்த்தேன். ரேஷன் கார்டு ஒருமாதிரி தாங்கியிருந்தது. டாக்டர் சீட்டுதான் போயிருந்தது. ஏற்கெனவே சுருங்கி வந்த படம், மறுபடி சுருங்கினால் என்ன மிஞ்சும்? முத்திரை ஊதா நிறக் கறையாகவும் பதிவு எண் எறும்பு வரிசையாகவும் தெரிந்தன.

"சுக்ரா, இது படிக்க வரல. பக்கத்தக் குறைச்சா மத்தது தெளிவா இருக்கும். கேஸ் புக்க எடுத்துரலாமா?"

"வேணாங்க்கா. ஒண்ணு குறையுதுன்னு திருப்பிட்டா? முதல்ல அனுப்பிருங்க, நேரம் போவுது."

சம்சுதீனைப் பார்த்தேன். "அவ சொல்றபடி போட்டுருங்க தங்கச்சி," என்றார். அப்பனைப் பறிகொடுத்தவளிடம் எவ்வளவு நேரம் வாதாடுவது? அனுப்பினேன்.

அதன்பிறகு காத்திருப்பு. சுக்ரா என் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டீ கொடுத்தேன், ஆறி ஆடை கட்டியது. என் போனில் எது ஒலித்தாலும் நிமிர்ந்து பார்த்தாள். கேஸ் கம்பெனி விளம்பரம் வந்தபோதும் நிமிர்ந்து பார்த்தாள். பதினைந்து நிமிஷத்தில் போய்ச் சேருகிற ஊர். மொட்டை மாடியில் ஏறினால் அந்தப் பக்கத்து லாரி விளக்கு தெரியும்.

ளுஹர் பாங்கு சொல்லி முடிந்த பிறகு செய்தி வந்தது. நிராகரிக்கப்பட்டது. மரணச் சான்று தெளிவாக இல்லை.

வேறு எதையும் அவர்கள் குறை சொல்லவில்லை. கேஸ் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுக்ரா கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவளே எல்லாத் தாளையும் எடுத்துக் கவருக்குள் வைத்துவிட்டு, இரண்டு ஆதாரை மட்டும் வெளியே விட்டாள்.

சாஹிலைக் கூப்பிட்டுக் கத்தினேன். பாவம், அப்பனைக் குளிப்பாட்டும் ஏற்பாட்டில் இருந்தவனிடம் கத்தினேன். "வாசலுக்கு எடுத்துட்டு வா, வெளிச்சத்துல வை. போட்டோவா அனுப்பாத, டாகுமெண்ட்னு இருக்கும் பாரு, அதுல அனுப்பு." புரிந்துகொண்டு அனுப்பினான். இந்த முறை எழுத்து கண்ணாடியாக இருந்தது. கலரை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் வைத்தேன். மூன்று பக்கத்தையும் சேர்த்துக் கொஞ்சமாகச் சுருக்கினாலே ஒரு எம்.பி.யில் பாதிகூட வரவில்லை. பதிவு எண்ணைப் பக்கத்து வீட்டிலிருந்து படிக்கலாம்.

மறுபடி விண்ணப்ப வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். பாஸ் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. இருவரும் ஓடினார்கள். சுக்ராவின் செருப்பு ஒன்று என் வாசலிலேயே கிடந்தது.

நடந்ததைச் சம்சுதீன் பிறகு சொன்னார். தடுப்பில் வண்டி வரிசை நகரவே இல்லையாம். அதற்குள் சாஹிலின் போன் வந்திருக்கிறது. பெரியவர்கள் இனி வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், தூக்கிவிட்டோம் அக்கா என்று அழுதிருக்கிறான். அவர்கள் முறை வந்தபோது போலீஸ்காரர் போன் திரையை எட்ட நின்று பார்த்துவிட்டு, போ என்று கையை ஆட்டினாராம். வீட்டில் அவரைக் கிடத்தியிருந்த கட்டிலைக் கழுவி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போகும் வழக்கம் அங்கே இல்லை. ஈரக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சுக்ரா நின்றாளாம்.

கெடுபிடியெல்லாம் தளர்ந்து, நான் கடை திறந்த பிறகு ஒருநாள் வந்தாள். இளைத்திருந்தாள். ஏதாவது விண்ணப்பமாக இருக்கும் என்று கம்ப்யூட்டரைத் தட்டினேன்.

"ஒண்ணும் போட வேணாங்க்கா. அன்னிக்கு சாஹில் முதல்ல ஒரு போட்டோ அனுப்பினான்ல, நிழல் விழுந்தது? அது இருக்கா?"

"அது எதுக்குடி இப்போ?"

"அத்தா பக்கத்துலயே கட்டில்ல வச்சுத்தான் எடுத்தேன்னு சொன்னான். அவன் போன்ல இல்ல. மவுத்தானவங்கள போட்டோ எடுக்கலாமான்னு பெரியத்தா திட்டினதுல, அன்னிக்கு எடுத்ததெல்லாம் அழிச்சுட்டான்."

கடைக்கு வருகிறவர்களின் காகிதங்களை அன்றன்றே அழித்துவிடுவது என் வழக்கம். ஆனால் சாஹிலின் வாட்ஸப் அப்படியே கிடந்தது. அந்தப் படத்தைத் திறந்தேன். அன்று நான் பார்த்தது சீட்டை மட்டும்தான். அதன் நான்கு மூலைக்குள் இருந்ததுதான் எனக்கு வேண்டியிருந்தது. வெளியே, இடது ஓரத்தில், பூப்போட்ட விரிப்பின் மேல் ஒரு கை கிடந்தது. நான்கு விரல்கள். அதில் ஒன்றில் எடைக்கல் விழுந்து கறுத்துப்போன நகம், என் கடை மேசையைத் தட்டித் தட்டிக் கதை சொன்ன அதே விரல். இதைத்தான் வேண்டாத இடம் என்று வெட்டித் தள்ளியிருக்கிறேன்.

போனை அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினாள். நகம் கட்டம் கட்டமாக உடைந்தது. சட்டென்று பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"வாட்ஸப்புல சுருங்கி வந்த படம்மா. இதுக்கு மேல தெளிவு வராது," என்றேன்.

"இருக்கறது போதுங்க்கா," என்றாள். "எனக்கு அனுப்புங்க. இன்னும் சின்னதாக்கிறாம அனுப்புங்க."