வினாத்தாளின் முதற்பக்கம்

வாசிக்கும் பெருமக்களே, சற்றே நில்லுங்கள். ஒரு கல்லூரியின் விசாரணை அறைக்குள் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன்.

மேசைக்கு அப்பால் இருவர்: துறைத் தலைவர், பாடம் நடத்திய விரிவுரையாளர். இப்பால் ஒருத்தி: மருத்துவமனைச் செவிலி. பணிக்குப் போய்க்கொண்டே சுகாதார நிர்வாகம் படித்தவள். இந்தத் தாளில் தேறினால் வார்டுப் பொறுப்பு அவளுக்கு, தவறினால் வேறொருத்திக்கு. "எங்க அண்ணி கலெக்டராகப் போறாங்க" என்று நாத்தனார் வீடெங்கும் கேலி பேசியும் வாயை மூடிக்கொண்டு படித்தவள்.

குற்றச்சாட்டு, எழுத்துத் திருட்டு! அது புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு. அடுத்தவர் கருத்தை எடுத்தாண்ட இடமெல்லாம் அவள் அடைப்புக்குறிக்குள் "விரிவுரை 4" என்றும், "பாடநூல், ப. 112" என்றும் குறித்திருந்தாள். நூலின் முழு விவரம் எங்கே, இறுதியில் நூற்பட்டியல் எங்கே என்று கேட்டு, திருட்டென்றே எழுதிவிட்டார், விடைத்தாளைத் திருத்திய வெளித் தேர்வாளர். வீட்டிலிருந்து எழுதித் தரும் கட்டுரைக்கான விதியைத்தான் துறை அவருக்கு அனுப்பியிருந்தது. வினாத்தாளின் முதற்பக்கத்தை அனுப்ப மறந்துவிட்டது.

அந்த முதற்பக்கத்தைச் செவிலி மேசைமேல் வைத்தாள். "சுருக்கமான குறிப்பே போதும், நூற்பட்டியல் வேண்டாம்" என்று அச்சிட்டிருந்தது. தலைவர் அதைப் படித்தார். மறுபுறம் திருப்பிப் பார்த்தார். கட்டுரை விதிதான் துறையின் பொதுவிதி, அதுவே மேலானது என்றார். வந்த முடிவை மாற்றினால் துறை தவறியதாக ஆகிவிடும் என்பதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவள் விரிவுரையாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், வகுப்புல நீங்கதானே சொன்னீங்க? பரீட்சை ஹால்ல பதிப்பகம், வருஷம்னு எழுதி நேரத்த வீணாக்காதீங்க, எந்த விரிவுரைன்னு போட்டா எனக்குப் புரியும்னு?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு தலைவரிடம் இருந்தது.

"பொதுவா ஏதோ சொல்லியிருப்பேன்மா. ஞாபகம் இல்ல."

"என் பக்கத்துல எழுதினவங்க அதே விரிவுரைய வரிக்கு வரி எழுதினாங்க. எங்கேருந்து எடுத்தோம்னு ஒரு வார்த்தை போடல. அவங்க பாஸ். எடுத்த இடத்தச் சொன்ன நான் திருடியா சார்?"

தலைவர் விடைத்தாளை மூடி வைத்தார். தீர்ப்பு வந்தது: மதிப்பெண் சுழி. அடுத்த ஆண்டு மீண்டும் எழுதலாமாம்! வார்டுப் பொறுப்பு அடுத்த ஆண்டுவரை யாருக்காகக் காத்திருக்கும்? அன்று மாலை அவள் வழக்கம்போல் சீருடை அணிந்து பணிக்குப் போனாள். வார்டின் சாவிக்கொத்து வேறொருத்தியின் இடுப்பில் தொங்கியது.

சாட்சிகளே, பார்த்தீர்கள். மேல்முறையீட்டு மனுவில் இன்று அவள் கையொப்பம் ஒன்றே தனித்து நிற்கிறது. அதே மண்டபத்தில் அமர்ந்து அதே முதற்பக்கத்தைப் படித்தவர்களே, பாஸானது போதுமென்று ஒதுங்கி நிற்காதீர்கள். அவள் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். விடைத்தாள் திருத்துவோரே, வினாத்தாளின் முதற்பக்கம் கைக்கு வராமல் யாரையும் திருடரென்று எழுத மறுத்துவிடுங்கள். வகுப்பில் சொன்ன சொல்லை விசாரணையில் விழுங்கிய ஆசிரியரே, எழுந்து நின்று சொல்லும்: "ஆம், நான்தான் சொன்னேன்!"