சுத்தம் செய்த குரல்

"கேட்டா பதில் சொல்ல மாட்டியா? வாய் எதுக்கு இருக்கு உனக்கு?"

பத்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியை அவளை எழுப்பி நிறுத்திக் கேட்ட கேள்வி இது. பதில் நெஞ்சுக்குள் இருந்தது, வாய்க்குத்தான் வரவில்லை. நாற்பது பிள்ளைகள் அடக்கிய சிரிப்போடு காத்திருந்த அந்த நேரம் முடிவதாகவே இல்லை. அந்த வருடத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். இப்போது பொது நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிறாள். காலடிச் சத்தம் கேட்காமல் வந்துபோவதால் பெரியப்பா அவளுக்கு வைத்த பெயர் பூனை. வீட்டில் எல்லோருக்கும் அதுவே பெயராகிப் போனது.

பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டிடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் கயிறு பிடித்து இறங்கி ஏறியவர். அவருடைய குரல்வளையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, இனி பேசவே முடியாதா என்றுகூட அவர் கேட்கவில்லை. பூனைக்குத்தான் தூக்கம் போனது.

நூலகத்தின் மாடியில் பழைய ஆட்களின் பேச்சைப் பதிவு செய்து சேர்த்து வைக்கும் பிரிவு ஒன்று உண்டு. குடும்பத்தார் தாங்களே பதிவு செய்ய நினைத்தால் கருவியை இரவல் கொடுப்பார்கள். அதைக் கவனிக்கும் மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"ஆமா இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேக்காதே," என்றார் மேடம். "ஏன் செஞ்சீங்கன்னும் கேக்காதே, விசாரணை மாதிரி இருக்கும். என்ன நடந்துச்சுன்னு கேளு. அவர் பேசும்போது நீ ம் கொட்டாதே, தலையை மட்டும் ஆட்டு. அந்த விஷயத்துல உனக்குச் சொல்லித் தரவே வேண்டாம்."

இன்னும் நிறையச் சொன்னார். பதிவை முதலில் அப்படியே பத்திரப்படுத்து, அதில் கை வைக்காதே, திருத்துவதானால் நகலில் திருத்து என்றும் சொன்னார். பூனை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தபோது, விஷயம் கேள்விப்பட்ட அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். பெரியம்மா இறந்த நாளிலிருந்து அப்பாவிடம் பேச்சை நிறுத்தியவள். உடம்பு நடுவீட்டில் கிடக்க, பெரியப்பா கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதை அவள் மன்னிக்கவே இல்லை.

"எனக்காக ஒண்ணே ஒண்ணு கேளுடி. அன்னைக்கு எங்க போனாரு, ஏன் போனாரு. அவர் வாயால வரட்டும். அதைக் கேட்டுட்டு, வந்து பாக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

பதிவன்று பெரியப்பாவின் அறையில் மின்விசிறியை நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறைக் கட்டிலில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். சட்டையில் ஒலிவாங்கியை மாட்டும்போது பெரியப்பா குனிந்து பார்த்தார்.

"என்ன பூனை, மணி கட்டறே? வழக்கமா பூனைக்குத்தானே கட்டுவாங்க?"

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். தேதியையும் இருவர் உறவையும் கருவியிடம் சொன்னாள். கொஞ்சம் பேசவைத்துப் போட்டுக் கேட்டுச் சரிபார்த்த பிறகு ஆரம்பித்தாள்.

குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. ஆனாலும் மனிதர் வெளுத்து வாங்கினார். ஒரு முதலாளியம்மா நாய்க்குட்டியோடு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டதையும், "நாயை முதல்ல எடு" என்று அவள் கத்தியதையும் சொன்னபோது பூனை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தாள். "பெரியம்மா போன அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க பெரியப்பா."

அவர் பேசவில்லை. மேசை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். சுருக்கம் போன பிறகும் நீவிக்கொண்டே இருந்தார். மூச்சு தொண்டையில் இழுத்து இழுத்து வந்தது. ஒருமுறை வாய் திறந்தது, மூடிக்கொண்டது. பூனைக்குக் காது மடல்கள் சுட்டன. ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்ற வேண்டும் போலிருந்தது. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"போன் வந்துச்சு," என்றார் கடைசியில். "லிஃப்ட் நின்னுடுச்சுன்னாங்க. போனேன்."

அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் பூனை நூலகக் கணினியின் முன் உட்கார்ந்து பதிவைக் கேட்டாள். இருமல் வந்தது, எச்சில் விழுங்கும் சத்தம் வந்தது. அந்த இடமும் வந்தது. கேட்க முடியவில்லை அவளால். பதில் வாய்க்கு வராத ஒருவரை எழுப்பி நிறுத்தி ஊரே பார்ப்பது போலிருந்தது. பெரியப்பாவை அப்படி யாரும் பார்க்கக் கூடாது. மென்பொருளில் பேச்சில்லாத இடங்களைத் தானாகவே நீக்கும் வசதி இருந்தது. அழுத்தினாள். பதிவு பாதியாய்ச் சுருங்கி, வானொலியில் வருவது போலத் தங்குதடையில்லாமல் ஓடியது. மனம் நிறைந்து சேமித்தாள், அதே பெயரில், அதே கோப்பின் மேலேயே. பிறகு மேடம் சொன்னபடி நகல்கள் எடுத்து வெவ்வேறு இடங்களில் பத்திரப்படுத்தினாள். கருவியின் நினைவட்டையில் இருந்ததை அழித்துத் திருப்பிக் கொடுத்தாள். அது மறுநாளே வேறொரு குடும்பத்துக்குப் போய், வேறு யாருடைய கதையோ அதில் ஏறியது.

பெரியப்பா தேறவில்லை. நுரையீரலில் சளி கட்டி, கை நடுங்கி, பேச்சுக்குப் பதிலாக எழுதிக் காட்டக் கொடுத்த பலகையில் ஓர் எழுத்துகூட எழுத முடியாமல் கிடந்தார். பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்கள் மருத்துவமனையில்.

அக்கா நேராக நூலகத்துக்கு வந்தாள். கேட்பறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கேட்டாள். நாய்க்குட்டி கதையில் உதடு லேசாக விரிந்தது. "இந்த ஆளுக்குக் கொழுப்பு," என்று முணுமுணுத்தாள். பூனைக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு அக்காவின் முகம் கல்லானது. பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். ஹெட்ஃபோனின் ஓரத்தில் கசிந்த சத்தம் பூனைக்கும் கேட்டது. என்ன நடந்துச்சு, சொல்லுங்க பெரியப்பா. போன் வந்துச்சு. லிஃப்ட் நின்னுடுச்சுன்னாங்க. போனேன். மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்டதற்குச் சொன்ன பதில் போலிருந்தது.

"யோசிக்கக்கூட இல்லையே இந்த மனுஷன்," என்றாள் அக்கா.

"இல்லக்கா. ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. மேசை விரிப்பைத் தடவிக்கிட்டே இருந்தாரு."

"அழுதாரா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல்தான். "அழல," என்றாள் பூனை. "வாயைத் தொறந்தாரு. வரல. மூச்சு மட்டும் வந்துச்சு."

"எங்க அது? போடு. நான் கேக்கணும்."

"இதுல இல்லக்கா."

"வேற எதுல இருக்கு?"

"எதுலயும் இல்ல. சுத்தம் பண்றேன்னு... நான்தான் வெட்டிட்டேன்."

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு அவர் மேல பாசம் அதிகம்டி. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அதுக்காக இல்லாததைச் சொல்லாதே."

"சத்தியமாக்கா."

அதற்கு மேல் பூனைக்கு வார்த்தை வரவில்லை. அந்த அறையில் இருந்ததை, அந்த மூச்சை, எந்த வார்த்தையில் எடுத்துக் காட்டுவது? கையை மேசையில் வைத்து நீவிக் காட்டினாள். வெறும் பலகை மேல் கை போய் வந்தது. அவளுக்கே அது பொய் போலத் தெரிந்தது.

அக்கா கடைசியாக ஒருமுறை கேட்டாள், அந்த ஒற்றைப் பதிலை மட்டும். ஹெட்ஃபோனைக் கழற்றி அதன் கம்பியைப் பொறுமையாகச் சுற்றி வைத்தாள். மருத்துவமனையில் உள்ளே விடும் நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது. பூனை அறை எண்ணை எழுதி நீட்டிய சீட்டு மேசையிலேயே கிடக்க, அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.