எல்லாத்துக்கும் இருநூத்தி நாப்பது

ஜெபராணி டீச்சர் கேக்கை மேசைமேல் வைத்தார். தொம் என்று சத்தம் வந்தது. கேக் வைத்தால் எங்கேயாவது சத்தம் வருமா? முதலாளி செல்லப்பாண்டி பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே அணைத்தார்.

"வெட்டிச் சாப்பிடுங்க. ஒங்க பிரஸ்ல அச்சடிக்கப் போற கேக்குதான். கத்தியும் நானே கொண்டாந்திருக்கேன்."

"உக்காருங்க டீச்சர். என்ன விசயம்?"

"உக்கார வரல. சூலக்கரையிலருந்து ரெண்டு பஸ் மாறி சிவகாசிக்கு வந்திருக்கேன், ஏம் பேரைக் கெடுக்கது யாருன்னு பாக்க."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வேல்விழி டைப் அடிப்பதை நிறுத்தினாள். டிசம்பர் தாளை டைப் அடித்தது அவள்தான்.

மதுரையில் மைதா விற்கும் ஒரு கம்பெனி தினம் கிழிக்கும் காலண்டர் வேண்டாம், மாதத் தாள் போதும் என்று ஆர்டர் கொடுத்திருந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் அடியில் ஒரு பலகாரக் குறிப்பு. எழுதிக்கொடுத்தவர் மனையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஜெபராணி டீச்சர். தாளுக்குத் தாள் அவர் பேரும் படமும் உண்டு. டீச்சர் எல்லாவற்றையும் கப் கணக்கில் எழுதியிருந்தார். கம்பெனிக்காரர்களோ, வீட்டுக்கு வீடு கப் வேறு வேறாக இருக்கிறது, கிராமில் மாற்றிப் போடுங்கள் என்று பிரஸ்ஸிடம் சொல்லிவிட்டார்கள். மாற்றியாகிவிட்டது. மாதிரி காட்டுவதற்கு டிசம்பர் தாளை முதலில் கேட்டதால் அதற்கு மட்டும் அச்சுப் பிளேட் போட்டு மிஷினில் ஏற்றியிருந்தார்கள். மத்தியானம் ஓட வேண்டியது, பன்னிரண்டாயிரம் தாள். அதன் படத்தை நேற்று டீச்சருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். டீச்சர் சும்மா பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுகிற ரகம் இல்லை. அதில் போட்டிருந்தபடியே அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டார்.

"நான் ரெண்டு கப் மைதான்னு எழுதுனேன். நீங்க நானூத்தி எம்பது கிராம்னு போட்டிருக்கீக. மாவைத் தேய்க்கச் சப்பாத்திக் கட்டை கேக்குது. கிறிஸ்மஸ் அன்னைக்கு ஊரே இதைச் சுட்டுட்டு எனக்குப் போன் போடட்டும்னு இருக்கீகளா? முப்பத்தோரு வருசம் பாடம் நடத்துன பொம்பளை நான்!"

செல்லப்பாண்டி எழுந்து நின்று கத்தினார். "ஏலே தங்கச்சாமி! இங்கன வா!"

தங்கச்சாமி சூப்பர்வைசர். பிரஸ்ஸில் பதினெட்டு வருசப் பழக்கம். அவர் சரி என்று கையெழுத்துப் போடாமல் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட மிஷினுக்குப் போகாது. வந்தார், தாளைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். ஒரு நொடிதான் யோசித்தார்.

"இந்தப் புள்ள பாத்த வேலை மொதலாளி. ஏ வேல்விழி! வா இங்கன! கணக்கை நீதான போட்ட?"

வேல்விழிக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அடப்பாவி! கப்பை எப்படி கிராமாக்குவது என்று அன்றைக்கு இவரிடம்தான் போய் நின்றாள். எல்லாவற்றுக்கும் ஒரே நம்பரா அண்ணே என்றும் கேட்டாள். "டைப் அடிக்கிறது மட்டும்தான் ஓம் வேலை" என்று பத்துப் பேர் முன்னால் விரட்டினவர், இன்றைக்கு விரலை அவள் பக்கம் நீட்டுகிறார்.

"அண்ணந்தான் மொதலாளி சொன்னாக. எல்லாத்துக்கும் இருநூத்தி நாப்பது போடுன்னு."

"நானா? வாய் கூசாமப் பொய் சொல்லுதியே! நான் எப்போ சொன்னேன்?"

"போதும்" என்றார் செல்லப்பாண்டி. "பிளேட் போச்சு, மத்தியான ஓட்டம் போச்சு. கம்பெனிக்காரன் காதுக்குப் போனா ஆர்டரே போச்சு. நீ கணக்கைத் தீத்துட்டுக் கெளம்பு தாயி. நாளையிலருந்து வர வேண்டாம்."

இந்த நாற்காலி போனால் அடுத்தது என்ன என்று வேல்விழிக்குத் தெரியும். தாயில்பட்டியிலிருந்து காலையில் கிளம்பும் பட்டாசுக் கம்பெனி வேன். அம்மா சோலையம்மாள் அந்த வேனில் இருபது வருசமாகப் போகிறாள். மகள் அதில் கால் வைக்கக் கூடாது என்றுதான் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். போன ஆடியில் பக்கத்துக் கம்பெனியில் ஒரு அறை வெடித்துத் தரைமட்டமானது. அதிலிருந்து அம்மா தூக்கத்தில்கூட, நீ அந்த வேன்ல ஏறிராத என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வேனில் ஏறுவதா? செத்தாலும் மாட்டேன் என்று வேல்விழி நினைத்தாள்.

"போறேன் மொதலாளி. ஆனா எது தப்புன்னு பாத்துட்டுப் போறேன். மை கலக்குற தராசு இருக்குல்ல, அதுல நிறுத்துப் பாப்போம். டீச்சர், ஒங்க கப்பு கொண்டாந்திருக்கீகளா?"

"ஏன், இன்னும் என்ன கெடுக்கணும்?" என்று சீறினாலும் டீச்சர் பைக்குள் கையை விட்டார். ஆதாரத்துக்காக எல்லாமே கொண்டுவந்திருந்தார், ஸ்டீல் கப், மைதா, சீனி, ஒரு கரண்டி. சண்டைக்கு அப்படித் தயாராக வந்த மனுஷியை வேல்விழி அதுவரை பார்த்ததில்லை.

கலர் மையை கிராம் கணக்கில் கலக்குவதற்கு வைத்திருந்த டிஜிட்டல் தராசு. அதைத் துடைத்து, மேலே வெள்ளைத் தாள் விரித்து, வெறுங் கப்பை வைத்து எடையைச் சைபருக்குக் கொண்டுவந்தாள். முதலில் குடிதண்ணீரை விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். தராசு இருநூற்று நாற்பது காட்டியது.

தங்கச்சாமி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தீகளா மொதலாளி! இருநூத்தி நாப்பது! கணக்குல ஒரு தப்பும் இல்ல. டீச்சருக்குத்தான் கேக்கு சுடத் தெரியல."

"என்னடா சொன்ன?" டீச்சர் கத்தியை எடுத்தே விட்டார். செல்லப்பாண்டி நடுவில் பாய்ந்து, "அது கேக்கு வெட்டுத கத்தி டீச்சர், கேக்கு வெட்டுத கத்தி" என்றார்.

வேல்விழி கப்பை ஈரம் போகத் துடைத்துச் சீனியைக் கொட்டி, மேல்மட்டத்தை ஸ்கேலால் வழித்தாள். இருநூறு. மறுபடி கொட்டி நிறுத்தாள். இருநூற்று ஒன்று. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள், சீனி அவ்வளவாக இறங்கவில்லை.

"நாப்பது எங்க போச்சு?" என்றார் செல்லப்பாண்டி.

அடுத்து மைதா. வேல்விழி கப்பை டீச்சரிடம் நீட்டினாள்.

"நீங்க வீட்டுல எப்படிப் போடுவீகளோ அப்படியே ஒங்க கையால போடுங்க டீச்சர். மாவு கைக்குக் கை மாறும். ஒங்க குறிப்புக்கு ஒங்க கைதான் கணக்கு."

டீச்சர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். பிரியமாக ஒன்றும் பார்க்கவில்லை. கரண்டியால் மாவைக் கிளறிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கப்பில் உதிர்த்து, மேலே வழித்தார். நூற்று இருபத்தி நான்கு. இரண்டாம் தடவை நூற்று இருபத்தி ஆறு. மூன்றாம் தடவை நூற்று இருபத்தைந்து.

"அப்போ ரெண்டு கப்புக்கு இருநூத்தி அம்பது" என்றாள் வேல்விழி. "நாம நானூத்தி எம்பது போட்டிருக்கோம். கிட்டத்தட்ட ரெண்டு பங்கு மாவு. சீனி ஒரு கப்புக்கு நாப்பது கூடுதல். பாலும் வெண்ணெயும் எடையில தண்ணிக்குப் பக்கத்துல நிக்கிறதால தப்பிச்சிருச்சு."

"அதெப்படி, அதே கப்புதான?" செல்லப்பாண்டி கப்பைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"கப்பு இடத்தை அளக்கும்யா, எடையை அளக்காது" என்றார் டீச்சர் எரிச்சலோடு. "எட்டாங் கிளாஸ் புள்ளைக்குத் தெரியும். தண்ணியில சந்தே கிடையாது. சீனி பரலு, சந்து உண்டுன்னாலும் கனமான சாமான், எடை நிக்கும். மைதா பூப்போல பொடி. பொடிக்குப் பொடி காத்து நிக்கும். இந்தக் கப்புல பாதிக்கு மேல காத்துதான்."

"எங்கம்மா கம்பெனியிலயும் இதான் சொல்லுவாக" என்றாள் வேல்விழி. "ஒரு வெடிமருந்தையும் டப்பாவால அளக்க விட மாட்டாகளாம். டப்பாக் கணக்கு ஆளைக் கொன்னுரும், எடைக் கணக்குதான்னு."

"காத்தாம் காத்து!" தங்கச்சாமிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கப்பைப் பிடுங்கினார். மைதாப் பைக்குள் குத்தி அள்ளினார், முஷ்டியால் அமுக்கினார், அதற்குமேல் இன்னொரு பிடி வைத்துத் திணித்தார். மூக்கு, மீசை எல்லாம் மாவு. தராசில் டொக் என்று வைத்தார்.

நூற்று அறுபத்தி ஆறு.

"அள்ளுதது மாறுனா எடையும் மாறுது பாருங்க" என்றாள் வேல்விழி. "அதுக்குத்தான் கம்பெனிக்காரக கிராம் கேட்டாக. ஆனா நீங்க இந்த அமுக்கு அமுக்கியும் இருநூத்தி நாப்பது வரலியே அண்ணே."

"தராசு தப்பு! தராசு கெட்டுப்போச்சு! கப்புன்னா இருநூத்தி நாப்பதுதான்! மாவா இருந்தா என்ன, மண்ணா இருந்தா என்ன? அன்னைக்கே ஒங்கிட்ட தலைதலையா அடிச்சுச் சொன்னேன்ல, கேள்வி கேக்காம எல்லாத்துக்கும் இருநூத்தி நாப்பது போடுன்னு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. வாயைத் திறந்தபடி நின்றார். பின்னால் மிஷின்காரர்கள் இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

செல்லப்பாண்டி மெதுவாகத்தான் பேசினார். அவர் மெதுவாகப் பேசினால் ஆபத்து. "தண்ணிக்குச் சரியாக் காட்டுன தராசு, மாவுக்கு மட்டும் கெட்டுப்போகுமாலே? பதினெட்டு வருசமா ஓங் கையெழுத்தை நம்பியில்லா மிஷினை ஓட்டுதேன்? பொம்பளப் புள்ள தலையில தூக்கிப் போடுதியே, வெக்கமா இல்ல?"

தங்கச்சாமி கப்பைத் தராசிலிருந்து இறக்கினார்.

"நீ என்ன தாயி?" முதலாளி இவள் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தப்புன்னு தோணிச்சுல்ல? எங்கிட்ட வந்து சொல்லுததுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பயமா இருந்துச்சு மொதலாளி." அதுதான் நிஜம். சொல்லும்போது அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. அம்மா வாயால் எத்தனை தடவை கேட்ட விஷயம், அப்படியும் தங்கச்சாமியின் விரட்டலுக்குப் பயந்து தப்பென்று தோன்றியதை டைப் அடித்தாள்.

"பயந்தவளுக்கு எதுக்கு அச்சு வேலை?" என்றார் டீச்சர் கத்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டே. "ஏங்க, மிச்சம் பதினோரு மாசமும் இந்த லட்சணத்துலதான் இருக்கும். ரவை, கடலமாவு, அரிசிமாவுன்னு ஒண்ணொண்ணும் தனியா நிறுக்கணும். ஏம் பேரு போட்டு வரதை இந்த மீசைக்காரன் தொடக் கூடாது. அந்தப் புள்ளயே நிறுக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். ஒரு கிராம் தப்புனா மறுபடியும் சத்தம் போடுவேன்."

செல்லப்பாண்டி தாடையைச் சொறிந்தார். "நாளைக்கும் வா தாயி" என்றார். "அந்த பிளேட்டை எறக்குங்கலே. புதுசு போடணும்." சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டீச்சரும் ரவை வாங்கக் கடைக்குப் போனார்.

தங்கச்சாமி வேல்விழியின் மேசைக்கு அருகில் வந்தார். மீசையில் மாவு அப்படியே இருந்தது. குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

"ஜெயிச்சுட்டன்னு நெனைக்காத. நாளைக்கு ஒரு புள்ளி தப்பாகட்டும், ஒரு கமா விட்டுப்போகட்டும். அன்னைக்கு ஒன்னைய அந்தப் பட்டாசு வேன்ல நானே ஏத்திவிடுதேன்."

காலையில் என்றால் நடுங்கியிருப்பாள். இப்போது அவள் திருத்திய தாளைப் பிரிண்ட் எடுத்து, மேசையில் விரித்து, பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"பாத்துக்கிடுங்க அண்ணே. ஆனா இனிமே நீங்க வாயால சொல்லுத எதையும் நான் டைப் அடிக்க மாட்டேன். எழுதுங்க. மைதா ரெண்டு கப், இருநூத்தி அம்பது கிராம். சீனி ஒரு கப், இருநூறு. கீழ கையெழுத்துப் போடுங்க."

அவர் அசையவில்லை. அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்து, பிரஸ் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"மொதலாளி! அண்ணன் கையெழுத்துப் போட யோசிக்காக!"

தங்கச்சாமி பேனாவை எடுத்தார்.