தானாகப் போகிறவருக்கு ஒரு நற்சான்று

புளியந்தீவுக் கொப்பராக் கம்பெனியின் மனேஜர் வினாயகமூர்த்திக்கு இங்கிலீசில் கையெழுத்து மட்டும் பிரமாதமாக வரும். அதற்கு மேலே உள்ள கடிதம் முழுவதையும் கணக்கு உதவியாளர் பேர்னாட்தான் எழுதுவான். அந்தப் பேர்னாட் இப்போது திருகோணமலைக் கப்பல் கம்பெனிக்குப் போகப் புறப்பட்டுவிட்டான். அங்கே ஒரு நிபந்தனை: பழைய மனேஜரின் இங்கிலீசு நற்சான்றுக் கடிதம் இல்லாவிட்டால் வேலை இல்லை.

அவன் புகழை அவனையே எழுத விடலாமா? மனேஜர் மிஷன் பள்ளிக்கூடத்து ஹெக்டர் வாத்தியாரைக் கூப்பிட்டுத் தமிழில் எழுதிய குறிப்பைக் கொடுத்தார். பேர்னாட் கந்தோரில் தன் மேசையில் குனிந்தபடி காதை மட்டும் நிமிர்த்தி வைத்திருந்தான்.

வாத்தியார் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, 'ஐந்தொகை போட நான் பழக்கினேன். காசுப் புத்தகம் எழுத நான் பழக்கினேன். வங்கிக் கணக்கோடு ஒப்பிட நான் பழக்கினேன்.' இதில பொடியன் எங்க?"

"பழகினவன் அவன்தானே!"

"சரி, அதை எழுதுவம். ஏன் விலகுறான் எண்டு குறிப்பில இல்லையே? 'தன் விருப்பப்படி விலகுகிறார்' எண்டு போடட்டா?"

மனேஜரின் முகம் கறுத்தது. "என்னை விட்டு ஆரும் தன் விருப்பத்துக்குப் போறல்ல வாத்தியார். அந்த வரி வேணாம்."

பேர்னாட்டுக்குத் தெரியும்: பணம் புழங்கும் வேலையில் அந்த வரி இல்லாத கடிதம் 'கையாடினதால் வேலையை விட்டுக் கலைத்துவிட்டோம்' என்று சொல்வதற்குச் சமம். அதைக் காட்டுவதிலும் கடலில் குதிப்பது மேல். தான் வாய் திறந்தால் மனேஜர் பேனையையே மூடிவிடுவார்.

வாத்தியார் அவசரப்படவில்லை. "விட்டிருவம் ஐயா. பொடியன் களவெடுத்தான் எண்டு நினைப்பாங்க. இவ்வளவு காலமும் உங்கட கண்ணுக்கு முன்னால எடுத்திருக்கான், மனேஜர் பாத்துக்கொண்டு இருந்திருக்கார் எண்டும் நினைப்பாங்க. அதுதான் யோசிக்கிறன்."

மனேஜர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "ஒரு சதம் குறைஞ்சதில்ல எண்டு எழுதுங்க! நேர்மையானவன் எண்டு எழுதுங்க! கெட்டிக்காரன் எண்டும் போடுங்க!"

"விலகுற காரணம்?"

மனேஜர் மீசையைத் தடவினார். "தன் விருப்பப்படியும் என்ட உத்தரவுப்படியும் விலகுகிறார் எண்டு போடுங்க."

வாத்தியார் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அப்படியே இங்கிலீசில் எழுதினார். பேர்னாட் அதைக் கம்பெனித் தாளில் தட்டச்சு செய்தான். தன் புகழைத் தானே அடிக்கும்போது விரல் கூசத்தான் செய்தது. ஆனாலும் ஓரெழுத்தும் மாற்றவில்லை. மனேஜர் தம் பிரமாதமான கையெழுத்தைப் போட்டார்.

திருகோணமலைக் கப்பல் கம்பெனித் துரை கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"உத்தரவு போட்டால்தான் விருப்பம் வருமா? இது என்ன விதமான கந்தோர்?"

"அதனாலதான் விலகுறன் ஐயா," என்றான் பேர்னாட்.

துரை மேசையில் அடித்துச் சிரித்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.