மூசையின் அடியில்

பொன்னழகு ஆசாரி என் பழைய செயினைத் தராசில் வைத்தார். இருபத்து நாலு கிராம், நூற்றைம்பது மில்லி. அதை உருக்கி நெளி வளையல் செய்யத்தான் நத்தத்திலிருந்து திண்டுக்கல் பட்டறைக்கு வந்திருந்தேன். யாரையும் லேசில் நம்புகிற ஆள் நானில்லை. ஸ்டூலை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூசை என்கிற மண்கிண்ணத்தில் செயினும், அழுக்கைப் பிரிக்கப் போடும் வெங்காரப் பொடியும் சேர்ந்து உருகின. தங்கத்தை அச்சில் ஊற்றி, ஆறவைத்து, மறுபடியும் நிறுத்தார். இருநூற்று முப்பது மில்லி குறைந்திருந்தது.

“எங்க போச்சு ஆசாரி?”

“அழுக்கு எரிஞ்சிருக்கும் டீச்சர். செயின் கண்ணியப் பத்தவச்ச பொடியிலயும் கொஞ்சம் போகும்.”

அப்போதுதான் காலி மூசைக்குள் ஏதோ மினுங்குவதைக் கவனித்தேன். “உள்ள என்ன ஒட்டிக்கிட்டு இருக்கு?”

அவர் மூசையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூசையை உடைத்து, கண்ணாடிபோல் உறைந்திருந்த வெங்காரத்தைப் பொடித்துக் கழுவினார். கடுகு கடுகாய்த் தங்கம். தராசில் தொண்ணூறு மில்லி நின்றது.

“போன வருசம் எங்க வீட்டுத் தோடு, மோதிரமெல்லாம் உருக்குனீகளே. அந்த மூசையவும் உடைச்சீகளா?”

“உடைச்சேன்,” என்றார். “நீங்க போனப்புறம்.”